ஆஃபர் கடிதத்தில் கையெழுத்திடும் முன்: வீட்டிலிருந்து வேலை குறித்த வாசகர் கேள்விகள்

பத்தொன்பது ஆண்டுகள் மென்பொருள் நிறுவனங்களின் மனிதவளத் துறையில் ஆள் சேர்க்கும் பொறுப்பில் இருந்தவன் என்ற முறையில், புதிய வேலையை ஏற்கும் தறுவாயில் உள்ளவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் அளிக்கிறேன்.

ஆவடியில் வசிக்கிறேன். சிறுசேரியில் உள்ள நிறுவனத்திலிருந்து ஆஃபர் கடிதம் வந்துள்ளது. வாரத்தில் ஐந்து நாளும் அலுவலகம் வர வேண்டும் என்கிறார்கள். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம் ஆகும்; நான்கு வயதில் குழந்தையும் இருக்கிறது. இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்யக் கேட்கலாமா? கேட்டால் ஆஃபரையே ரத்து செய்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

தாராளமாகக் கேட்கலாம். கடிதம் உங்கள் கைக்கு வரும்போது அந்த நிறுவனம் பல சுற்று நேர்காணல்களை முடித்து, உங்கள் சம்பளத்துக்கு ஒப்புதலும் வாங்கியிருக்கும். பணிவாகக் கேட்ட ஒரு கேள்விக்காக அத்தனையையும் முதலிலிருந்து தொடங்க யாரும் விரும்புவதில்லை. கையெழுத்திட்டு அனுப்பிவிட்டு, சேர வேண்டிய நாளுக்கு ஒரு வாரம் முன்பு நிபந்தனை வைத்தவர்களின் ஆஃபர் ரத்தானதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். எனவே கடிதம் வந்த பிறகு, அதை ஏற்பதற்கு முன்பு, இப்போதைய வேலையில் ராஜினாமா கொடுப்பதற்கும் முன்பு கேளுங்கள். பெரும்பாலும் இதற்கு இரண்டு மூன்று நாள் அவகாசமே கிடைக்கும்.

உங்களோடு தொலைபேசியில் பேசும் எச்.ஆர். ஊழியருக்கு இதை முடிவு செய்யும் அதிகாரம் அநேகமாக இருக்காது. அவரிடம் கேட்டால் "கம்பெனி பாலிசி" என்ற ஒற்றைச் சொல்லோடு பேச்சு முடிந்துவிடும். ஆகவே, கையெழுத்திடும் முன் உங்கள் மேலாளராக வரப்போகிறவரோடு பதினைந்து நிமிடம் பேச ஏற்பாடு செய்யும்படி அவரிடம் கேளுங்கள். மேலாளரிடம் "கொஞ்சம் வளைந்து கொடுப்பீர்களா" என்று பொதுவாகக் கேட்காமல், எந்த நாட்கள் என்பதைச் சொல்லுங்கள். திங்களும் வெள்ளியும் கேட்டால் நீண்ட வார விடுமுறைக்கு அடி போடுகிறீர்கள் என்ற எண்ணம் வந்துவிடும். செவ்வாயும் வியாழனும் கேட்பது நல்லது. குழு முழுவதும் ஒன்றாக உட்காரும் நாள் எது என்று முதலில் விசாரித்து, அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள்.

புதியவருக்கு வேலை கற்றுத்தர ஆள் பக்கத்தில் இருக்க வேண்டுமே என்பதுதான் மேலாளரின் உண்மையான கவலை. முதல் இரண்டு மாதம் ஐந்து நாளும் வருகிறேன், மூன்றாம் மாதத்திலிருந்து இந்த ஏற்பாடு தொடங்கட்டும் என்று நீங்களே முன்வந்து சொன்னால் அந்தக் கவலையில் பாதி தீர்ந்துவிடும். குழந்தையைப் பற்றிப் பேசுவதும் பேசாததும் உங்கள் விருப்பம். பேசினால், வேலை நேரத்தில் அதைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இருப்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். என் அனுபவத்தில், நான்கு மணி நேரப் பயணம் என்ற காரணமே போதுமானது; அதைக் கேட்டு எந்த மேலாளரும் மறுகேள்வி கேட்டதில்லை.

மேலாளர் போனில் "அதெல்லாம் பார்த்துக்கலாம், வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்தே செய்யுங்கள்" என்றார். கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. எனக்கு 90 நாள் நோட்டீஸ் காலம். நம்பிக் கையெழுத்திடலாமா?

வேண்டாம். நான் பணியாற்றிய ஒரு நிறுவனத்தில் இப்படி நம்பி வந்த ஒரு சோதனைப் பொறியாளரின் கதை இன்னும் மனதை உறுத்துகிறது. அவர் 90 நாள் நோட்டீஸை முடித்துவிட்டு வருவதற்குள், வாக்குக் கொடுத்த மேலாளர் வேறு திட்டத்துக்கு மாறிவிட்டார். புதிய மேலாளருக்கு எதுவும் தெரியாது. முதல் மாத வேலை நாட்கள் 21. பொறியாளர் எட்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்திருந்தார். நுழைவாயில் அட்டைப் பதிவில் 13 நாள் மட்டுமே இருந்ததால், வருகைக் கணினி மீதி எட்டையும் விடுப்பாகக் கணக்கிட்டது. இருப்பில் இருந்த விடுப்பு தீர்ந்து, எஞ்சியது சம்பளப் பிடித்தமானது. அவருக்கு உதவ விரும்பிய எனக்கும் கோப்பில் காட்ட ஒரு காகிதம் இல்லை.

உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கங்களை நிதானமாகப் படியுங்கள். இதற்கு முன் நடந்த பேச்சுகள், கடிதப் போக்குவரத்து அனைத்துக்கும் மாற்றாக இக்கடிதமே செல்லும் என்ற பொருளில் ஒரு பத்தி அநேகமாக இருக்கும். மேலாளர் போனில் சொன்னதை மட்டுமல்ல, கடிதத் தேதிக்கு முன்பு அனுப்பிய மின்னஞ்சலையும் அந்தப் பத்தி விழுங்கிவிடும். ஆகவே கடிதத்திலேயே ஒரு வரி சேர்க்கக் கேளுங்கள். அது முடியாதென்றால் கடிதம் வந்த பிறகான தேதியில், கடிதத்தின் எண்ணைக் குறிப்பிட்டு, எச்.ஆர். துறையிலிருந்து ஒரு மின்னஞ்சல் வர வேண்டும். அதற்காக மேலாளருக்கு நகலோடு எச்.ஆர். துறைக்கு நீங்கள் எழுத வேண்டியதன் சாரம் இது:

"இந்த எண்ணிட்ட ஆஃபரை மகிழ்ச்சியோடு ஏற்கத் தயாராக இருக்கிறேன். பணியில் சேர்ந்த மூன்றாம் மாதம் முதல் செவ்வாய், வியாழன் இரு நாட்களும் வீட்டிலிருந்து பணிபுரியலாம் என மேலாளருடன் பேசி முடிவானது. இதை உறுதிசெய்து, வருகைப் பதிவிலும் அதற்கான விலக்கைப் பதியும்படி கேட்டுக்கொள்கிறேன். இந்த ஏற்பாட்டை மாற்ற நேர்ந்தால் 30 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டுகிறேன்."

வருகைப் பதிவு பற்றிய வாக்கியத்தை எக்காரணத்தைக் கொண்டும் விட்டுவிடாதீர்கள். பதிலில் "நிறுவனக் கொள்கைக்கு உட்பட்டு" என்ற சொற்கள் வந்தே தீரும். அவற்றை நீக்கச் சொல்லிப் போராடுவதில் பயனில்லை. அந்த ஏற்பாடு நிரந்தரமல்ல என்று அதற்குப் பொருள். அதனால்தான் முப்பது நாள் முன்னறிவிப்பு கேட்கச் சொல்கிறேன். பதிலே வராவிட்டால், இல்லை என்று சொன்னதாகவே எடுத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் காலையில் டயாலிசிஸ். வீட்டிலிருந்து வேலை தேவையில்லை. அந்த நாட்களில் தாமதமாக வந்து தாமதமாகப் போனால் போதும். வாடிக்கையாளர்கள் இங்கிலாந்தில் இருக்கிறார்கள். எப்படிக் கேட்பது?

உங்கள் நிலைமை மற்றவர்களுடையதைவிட எளிது. இங்கிலாந்து நேரம் நமக்குக் கோடையில் நாலரை மணியும், குளிர்காலத்தில் ஐந்தரை மணியும் பின்தங்கியிருப்பதால், அவர்களுடைய காலை ஒன்பது மணி நமக்குப் பிற்பகல் ஒன்றரை அல்லது இரண்டரை. ஒரு முறை டயாலிசிஸ் செய்யச் சுமார் நான்கு மணி நேரம் ஆகும். ஆறரைக்குத் தொடங்கினால் பத்தரைக்கு முடியும், அவரை வீட்டில் விட்டுவிட்டு நண்பகலுக்குள் அலுவலகம் வந்துவிடலாம். அந்த மூன்று நாட்களில் பன்னிரண்டு முதல் இரவு ஒன்பது வரை என்று மணிக்கணக்கைத் தெளிவாக எழுதிக் கேளுங்கள். வாடிக்கையாளரின் வேலை நேரத்தின் பெரும்பகுதியில் நீங்கள் இருக்கையில் இருப்பீர்கள் என்பதையும் சுட்டிக்காட்டுங்கள். காலையில் தினசரிக் குழுக் கூட்டம் உண்டா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், இடிப்பது பெரும்பாலும் அங்கேதான். இரவு ஒன்பது மணிக்கு நிறுவன வண்டி கிடைக்குமா என்பதையும் விசாரித்துவிடுங்கள்.

தாய்மார்கள் வீட்டிலிருந்து வேலை செய்யச் சட்டமே உரிமை தருகிறது என்கிறார்களே, புதிய வேலையில் அதைக் காட்டிக் கேட்கலாமா?

மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-இல் வந்த திருத்தத்தைச் சொல்கிறீர்கள்; 2025 நவம்பர் முதல் அந்த விதி சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இருக்கிறது. மகப்பேறு விடுப்பை அனுபவித்த பிறகு, வேலையின் தன்மை இடம் கொடுத்தால், இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் நிபந்தனைகளின்படி வீட்டிலிருந்து வேலை செய்ய நிறுவனம் அனுமதிக்கலாம் என்றுதான் அது சொல்கிறது. நிறுவனம் சம்மதிக்காமல் அதில் எதுவும் நடக்காது. புதிதாகச் சேருபவர் ஆஃபர் பேச்சில் அதை ஆயுதமாகக் காட்டினால் பேச்சு கசந்துபோகும்.

வீட்டிலிருந்து வேலைக்காகச் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ள நானே முன்வரலாமா?

நீங்களாக முன்வராதீர்கள். எழுதித் தந்த ஏற்பாட்டை அவர்கள் ஆறே மாதத்தில் திரும்பப் பெறலாம், ஆனால் குறைத்த சம்பளம் அப்படியே நிற்கும். அடுத்த வேலைக்குப் போகும்போதும் அந்தச் சம்பளத்தைத்தான் அடிப்படையாக வைத்துப் பேசுவார்கள்.