அறுபது பாக்கிக்கு ஒரு கடிதம்

"பழைய வாடிக்கையாளர் ஒருவர் கணக்கில் இரண்டு வருடமாக வெறும் 60 பாக்கி நிற்கிறது. பில் 12,460, அவர் அனுப்பியது 12,400. இப்போதும் மாதம் தவறாமல் ஆர்டர் தருகிறார். 'அதைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு அவருக்கு ஒரு கடிதம் போட்டுவிடு' என்கிறார் முதலாளி. எப்படி எழுதினாலும் கடன்காரருக்கு எழுதுவது போலவே வருகிறது. என்ன செய்யலாம்?"
– கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் வாசகி

கடிதத்தை அப்புறம் பார்க்கலாம். முதலில் அவருடைய லெட்ஜரைத் திறந்து, அந்த 60 உண்மையிலேயே அவர் தர வேண்டியதுதானா என்று பாருங்கள். அவர் திருப்பி அனுப்பிய சரக்குக்கு நீங்கள் வரவு வைக்க மறந்திருக்கலாம். அவர் முழுப் பணமும் அனுப்பி, வழியில் வங்கி தன் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். மற்ற மாதங்களிலும் இதே போல் ஒரு சின்னத் தொகை குறைந்து வந்திருந்தால் பெரும்பாலும் வங்கிக் கட்டணம்தான் காரணம். அப்படியானால் இந்த 60-ஐ நீக்கினாலும் அடுத்த மாதம் இன்னொன்று முளைக்கும். கட்டணம் யார் பொறுப்பு என்று பேசி முடிப்பதுதான் வழி. தவறு உங்கள் பக்கம் என்றால் வருத்தம் தெரிவித்து எழுத வேண்டும். அது வேறு கடிதம்.

உங்கள் பக்கம் எல்லாம் சரி என்றே வைத்துக்கொள்வோம். கடிதம் போகும் முன் பதிவு முடிந்திருக்க வேண்டும். வராக்கடன் கணக்கில் 60 பற்று, வாடிக்கையாளர் கணக்கில் 60 வரவு. முதலாளி வாயால் சொன்னது போதாது, வவுச்சரில் அவர் கையெழுத்தும் வேண்டும். சிலர் சுலபமாக இருக்கிறதே என்று கிரெடிட் நோட் போட்டுவிடுவார்கள். அது பில்லே தப்பு என்று சொல்வதற்குச் சமம். விற்பனைத் தொகையும் அதன் மீதான வரியும் சேர்ந்து மாறும். கூடவே, தானாகப் போகும் நினைவூட்டல் பட்டியலில் அவர் பெயர் இன்னும் இருக்கிறதா என்றும் பாருங்கள். நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில், 'உங்கள் கணக்கு முடிந்தது' என்று அன்பாக ஒரு கடிதம் அனுப்பினோம். அடுத்த வாரமே அதே தொகையைக் கேட்டு கம்ப்யூட்டர் ஒரு நோட்டீஸ் அனுப்பிவிட்டது. அவரிடமிருந்து வந்த போனை எடுத்தது நான்தான்.

இனி கடிதம். வராக்கடன் என்ற சொல் உங்கள் பேரேட்டோடு நிற்கட்டும். தள்ளுபடி என்றும் எழுத வேண்டாம். கடன் தள்ளுபடியும் தள்ளுபடி, விலைக் குறைப்பும் தள்ளுபடி. அடுத்த பில்லிலும் உண்டா என்று அவர் கேட்டால் தப்பு அவருடையது அல்ல. 'பெருந்தன்மையுடன்', 'வசூலிக்க முடியாததால்' இரண்டுமே கூடாது. முதலாவது அவரை நன்றிக்கடனில் தள்ளும், இரண்டாவது குற்றம் சாட்டும். இப்படி ஒரு பாக்கி இருப்பதே அவருக்கு இந்தக் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரியவரலாம் என்பதை மறக்காதீர்கள். ஆனால் பில் எண்ணும் தேதியும் அவசியம், ஏனென்றால் அவருடைய கணக்கரும் தம் புத்தகத்தை நேர் செய்ய வேண்டும்.

நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

"ஐயா, வணக்கம். பழைய கணக்குகளைச் சரிபார்த்தபோது, (தேதி) நாளிட்ட (எண்) பில்லில் 60 மட்டும் நிலுவையாக நின்றிருந்ததைக் கண்டோம். அதை எங்கள் புத்தகத்தில் நீக்கி, அந்த பில்லை (தேதி) அன்று முடித்துவிட்டோம். அதற்காக நீங்கள் எதுவும் செலுத்த வேண்டியதில்லை. மற்ற பில்களிலும் உங்களுக்குள்ள கடன் தவணையிலும் எந்த மாற்றமும் இல்லை. உங்கள் கோப்புக்காக இதைத் தெரிவிக்கிறோம். சென்ற வாரம் நீங்கள் கேட்ட சரக்கு வியாழக்கிழமை புறப்படுகிறது."

கடைசி வரியைக் கவனித்தீர்களா? அன்பு, உறவு என்று எதுவும் சொல்லவில்லை. வழக்கமான வேலை வழக்கம்போல நடக்கிறது என்று காட்டினால் போதும். அந்த இடத்தில் அவருக்கு உண்மையிலேயே போக வேண்டிய செய்தி ஒன்றை வையுங்கள். புது விலைப்பட்டியலை மட்டும் உறையில் சேர்க்காதீர்கள்; 60-ஐ விட்டுக்கொடுத்து ஆர்டர் பிடிப்பது போல ஆகிவிடும். 'மற்ற பில்களில் மாற்றமில்லை' என்ற வரியை விட்டுவிடவும் கூடாது. இல்லையென்றால் இந்த மாதத்து பில்லும் முடிந்துவிட்டதோ என்று யாராவது கேட்கக்கூடும்.

கையெழுத்து, அவரோடு வழக்கமாகப் பேசுபவருடையதாக இருக்கட்டும். முதலாளி போட்டால் 60-க்கு அது அதிகப்படி.

ரோஷக்காரராக இருந்தால் மறுநாளே 60-ஐ அனுப்பிவைப்பார். திருப்பி அனுப்ப வேண்டாம்; வாங்கிக்கொண்டு ரசீது கொடுங்கள். ஆனால் அதை அவர் கணக்கில் வரவு வைத்தால் முன்பணம் போல நிற்கும். நீக்கிய கடன் திரும்ப வந்ததாக வருமானத்தில் எழுதுங்கள்.