ஏப்ரல், மே சம்பளம் இல்லாத வேன் டிரைவருக்கு

"பாலக்கோட்டுல ஸ்கூல் வேன் ஓட்டுறேன். மாசம் 14,000. ஏப்ரல், மே சம்பளம் கிடையாது. வருசா வருசம் வட்டிக்கு வாங்குறேன். என்ன பண்றது?"

அண்ணே, பத்து மாசச் சம்பளம் 1,40,000. அதைப் பன்னிரண்டா பிரிச்சா மாசத்துக்கு 11,660தான் செலவுக்கு. மிச்சம் 2,340ஐ ஜூலையில சம்பளம் ஏறின அன்னைக்கே பேங்க்ல பத்து மாச ஆர்.டி.யா ஆரம்பிங்க. மே மாசம் 23,400 வட்டியோட கைக்கு வரும். சில பேங்க்ல குறைஞ்சது ஒரு வருசம்பாங்க, கேட்டுட்டுத் திறங்க. போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. வேண்டாம், அது அஞ்சு வருசம்.

பலரும் சறுக்குறது ஜூன்லதான். வண்டி ஓட ஆரம்பிச்சிரும், சம்பளம் ஜூலையிலதான் வரும். அதனால மே மாசம் பாதிய மட்டும் எடுங்க.

பிள்ளைங்க நோட்டு, யூனிஃபார்ம் இந்தக் கணக்குல சேராது. அதுக்கு மாங்கா சீசன்ல லோடு வண்டிக்கு ஆக்டிங் டிரைவரா போற காசைத் தனியா வைங்க.