அத்தை வீடும் வேண்டாம், வானும் வேண்டாம்

மஸ்கெலியாப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். மகள் உயர்தரம் எழுதுகிறாள், மண்டபம் ஹட்டனில். "அத்தை டவுன்லதான் இருக்காங்க, சோதனை முடியிற வரைக்கும் அங்கேயே விடுன்னு சொந்தக்காரங்க சொல்றாங்க. இல்லாட்டி மோதிரத்தை அடகு வச்சு வான் பிடிக்கவா, சேர்?"

பதறாதீர்கள் என்றுதான் தொடங்கினேன். ஆனால் பிள்ளையிடம் கேட்டதும் பேச்சை மாற்ற வேண்டியதாயிற்று. அத்தை வீட்டில் இரவு பத்தரை வரை டீவி ஓடுமாம். வருகிறவர்களெல்லாம் "டொக்டரா, என்ஜினியரா?" என்பார்களாம். அங்கே போக அவளுக்கு மனமில்லை. அப்படியென்றால் போகவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மோதிரமும் விரலிலேயே இருக்கட்டும்.

யாருக்கும் தோன்றாத வழி ஒன்று அவர்கள் லயத்து வாசலிலேயே நிற்கிறது. அதே தோட்டத்தில் இன்னும் இரண்டு பிள்ளைகள் அதே மண்டபத்தில் எழுதுகிறார்கள். மூன்று வீடும் சேர்ந்து தோட்டத்து ஆட்டோ ஒன்றைப் பேசினால் செலவு மூன்றாகப் பிரியும். ஆனால் முதல் நாளே புதிதாகக் கிளம்பக் கூடாது. ஒரு வாரம் முன்னால், பாடசாலை நாளொன்றில், அதே நேரத்துக்குப் போய்ப் பாருங்கள். சனிக்கிழமை போனால் கணக்குத் தப்பும், அன்று ஸ்கூல் வான்களின் நெரிசல் இருக்காது. எடுத்த நேரத்தோடு பனிக்கும் மழைக்குமாக அரை மணி கூட்டுங்கள். வினாத்தாள் எட்டரைக்கு என்றால் ஏழரைக்கு வாசலில் நிற்க வேண்டும். இன்னோர் ஆட்டோக்காரரின் நம்பரும் கையில் இருக்கட்டும்.

2024 உயர்தரப் பரீட்சை நவம்பர் 25இல் தொடங்கி, இரண்டே நாளில் சீரற்ற காலநிலையால் நின்று, டிசம்பர் 4இல்தான் மறுபடி நடந்தது. அதனால் கிளம்புமுன் வானொலிச் செய்தி கேளுங்கள். பாதையில் மண் சரிந்திருந்தால் உடனே அதிபருக்கும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கும் சொல்லுங்கள்.

சாப்பாட்டில் ஒரு விஷயம். வளைவுப் பாதையில் வயிறு நிறைந்திருந்தால் வாந்திதான் வரும். வீட்டில் பாதி ரொட்டியும் கொஞ்சம் தேத்தண்ணியும் போதும். மீதி ரொட்டியை லன்ச் ஷீட்டில் சுற்றிக்கொண்டு போய், இறங்கிக் கால் மணி கழித்துச் சாப்பிடட்டும். உறைப்புச் சம்பல் அன்றைக்கு வேண்டாம். ஷொப்பிங் பேக்கில் காய்ந்த காலுறை ஒரு சோடி வைத்துவிடுங்கள். நனைந்த காலோடு மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் பிள்ளைக்கு எழுத்தில் மனம் நிற்காது. வாசலில் "இது வருமா, அது வருமா" என்று கேட்கும் கூட்டத்தோடு நிற்காமல், மூன்று பேரும் ஓரமாக உட்காரட்டும்.

அனுமதி அட்டை கைக்கு வந்த அன்றே பெயர், பாடம், மொழிமூலம் மூன்றையும் பாருங்கள். அதில் பிள்ளையின் கையொப்பத்தை அதிபர் உறுதிப்படுத்தியிருக்க வேண்டும். கூடவே தேசிய அடையாள அட்டையின் அசல் வேண்டும், போட்டோ கொப்பி செல்லாது. இதைச் சொன்னதும்தான் அந்த அம்மா மெதுவாகச் சொன்னார், மகளுக்கு அடையாள அட்டை இன்னும் வரவில்லையாம். பிறப்புச் சான்றிதழில் பெயர் வேறு மாதிரி இருக்கிறதாம். பயணப் பேச்சை அத்தோடு விட்டோம். மறுநாள் காலையிலேயே சான்றிதழோடு அதிபரிடமும் கிராம சேவகரிடமும் போகச் சொல்லி அனுப்பினேன்.