ஸ்லைடில் ஊதாவும் பிங்க்கும்: கிட்னி ஸ்லைடு ஒன்றை வைத்து

"ஹிஸ்டாலஜி லேபில் எந்த ஸ்லைடை வைத்தாலும் பிங்க்கும் பர்ப்பிளுமாகத்தான் தெரிகிறது. எந்தக் கலர் எதைக் காட்டுகிறது? கிட்னி ஸ்லைடில் எதை எங்கே தேடுவது?"

இந்த நிறம் எதுவும் உறுப்பின் சொந்த நிறம் இல்லை. திசுவை மெழுகில் பதித்து 4, 5 மைக்ரான் தடிமனில் சீவி எடுத்தால் ஏறக்குறைய நிறமே இல்லாமல்தான் இருக்கும். நாம் பார்ப்பது அதன்மேல் ஏற்றிய இரண்டு சாயங்களை.

ஊதா, ஹிமாடாக்ஸிலின் தருவது. அலுமினிய உப்போடு சேர்ந்ததும் இந்தச் சாயத்துக்கு நேர்மின்னூட்டம் வந்துவிடும். டிஎன்ஏவும் ஆர்என்ஏவும் எதிர்மின்னூட்டம் கொண்டவை, அதனால் சாயம் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை உங்கள் லேப் டெக்னீஷியன் பக்கத்தில் நின்று பாருங்கள். சாயத்திலிருந்து எடுத்தவுடன் திசு செம்மை கலந்த ஊதாவாக இருக்கும். குழாய்த் தண்ணீரில் சில நிமிடம் விட்டால் கண்ணெதிரே நீலமாக மாறும். அந்தக் கட்டத்தை அவசரமாக முடித்துவிட்டால் நியூக்ளியஸ்கள் நீலமாகாமல் செம்மை படிந்தே நின்றுவிடும்.

பிங்க், இயோசின். இது எதிர்மின்னூட்டம் கொண்டது, புரதத்தில் உள்ள நேர்மின்னூட்ட இடங்களைப் பிடிக்கும். சைட்டோபிளாசம், தசை, கொலாஜன் எல்லாம் பிங்க்காவது இதனால்தான். சிவப்பணு எல்லாவற்றையும்விட அழுத்தமான பிங்க்காக இருக்கும். நான் எந்த ஸ்லைடை வைத்தாலும் முதலில் ஒரு சிவப்பணுவைத் தேடிப் பார்ப்பேன். அதுவே வெளிறி இருந்தால் சாயம் சரியில்லை என்று அர்த்தம், மற்ற பிங்க்குகளையும் நம்ப முடியாது.

ஊதா என்றாலே நியூக்ளியஸ் என்று மட்டும் முடிவு செய்யாதீர்கள். புரதம் நிறையச் செய்யும் செல்லில் ஆர்என்ஏ குவிந்திருக்கும், அதனால் சைட்டோபிளாசமும் ஊதா ஏறும். கணையத்தின் அசினஸ் செல்களில் அடிப்பக்கம் ஊதாவாகவும் உள்பக்கம் பிங்க்காகவும் இருப்பது இதனால்தான். அதாவது நிறம் உறுப்பின் பெயரைச் சொல்லாது. அந்த இடத்தில் என்ன வகைப் பொருள் இருக்கிறது என்று மட்டும் சொல்லும். பெயரை அமைப்பிலிருந்துதான் கண்டுபிடிக்க வேண்டும்.

சரி, கிட்னிக்கு வருவோம். எடுத்த எடுப்பில் 40 மடங்கு லென்ஸுக்குப் போகாதீர்கள். 4-இல் வைத்து மெதுவாக நகர்த்துங்கள். பிங்க் பரப்பில் அங்கங்கே ஊதா கலந்த உருண்டைகள் தெரிந்தால் நீங்கள் கார்ட்டெக்ஸில் இருக்கிறீர்கள். அவைதான் குளோமெருலஸ். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர் இருக்கும். தந்துகிச் சுருளில் செல்கள் நெருக்கமாக இருப்பதால் நியூக்ளியஸ்கள் கூட்டமாகத் தெரிந்து, அந்த இடம் ஊதா தூக்கலாக இருக்கும். உருண்டையே காணோம், நீளநீளமான குழாய்கள் மட்டும்தான் ஓடுகின்றன என்றால் அது மெடுல்லா. போன வருடம் ஒரு மாணவி மெடுல்லா மட்டும் இருந்த ஸ்லைடைப் பார்த்து "குளோமெருலஸ் இல்லை, இது கிட்னியே இல்லை சார்" என்று உறுதியாகச் சொன்னார். ஸ்லைடை நகர்த்தினாலும் அதில் கார்ட்டெக்ஸ் வராது, ஏனென்றால் வெட்டிய துண்டிலேயே அது இல்லை.

இப்போது 10-க்கு மாற்றி, குளோமெருலஸைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். அது போமன் இடைவெளி. வெள்ளை என்றால் அங்கே சாயம் பிடிக்க எதுவும் இல்லை என்றுதான் பொருள். அது நிஜ இடைவெளியா, வெட்டும்போது கிழிந்ததா என்று ஓரத்தைப் பார்த்தால் தெரியும். போமன் இடைவெளியின் வெளி ஓரத்தில் தட்டையான செல்கள் வரிசையாக ஒட்டியிருக்கும். கிழிசலின் ஓரத்தில் அப்படி எந்த வரிசையும் இருக்காது.

அப்புறம் 40-இல், அதே குளோமெருலஸின் அக்கம்பக்கத்துக் குழாய்கள். பெரும்பாலானவை அழுத்தமான பிங்க், அவை ப்ராக்ஸிமல். மைட்டோகாண்ட்ரியா நிறைய இருப்பதால் இயோசின் நன்றாகப் பிடிக்கிறது. செல்கள் பெரியவை, அதனால் ஒரு வெட்டில் எல்லா செல்லின் நியூக்ளியஸும் அகப்படாது. நான்கைந்துதான் எண்ண வரும். நடுத் துவாரத்தின் ஓரம் பிரஷ் பார்டரால் மங்கலாக, பஞ்சுபோல் இருக்கும். டிஸ்டல் குழாய் வெளிர் பிங்க். செல்கள் சிறியவை, நியூக்ளியஸ்கள் நெருங்கி நிற்கும், துவாரம் சுத்தமாகத் திறந்திருக்கும்.

துவாரத்தை மட்டும் வைத்துப் பிரிக்காதீர்கள். திசுவை ஃபார்மலினில் போடத் தாமதமாகியிருந்தால் முதலில் கெடுவது ப்ராக்ஸிமல் குழாய்தான். பிரஷ் பார்டர் உதிர்ந்து துவாரம் முழுக்க பிங்க் துணுக்குகள் அடைத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட ஸ்லைடில் நியூக்ளியஸ் எண்ணிக்கையையும் சைட்டோபிளாசத்தின் பிங்க் அழுத்தத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே குளோமெருலஸுக்குப் பக்கத்தில் உள்ள இரண்டு குழாய்களை ஒப்பிட்டால் வித்தியாசம் சட்டென்று பிடிபடும். தனியாக ஒரு குழாயை மட்டும் பார்த்தால் எனக்கும் சில நேரம் சொல்ல வராது.