கேன்ட்ரியின் இரு பக்கமும் ஒன்றாக நிற்க: பினாங்கு வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

பட்டர்வொர்த் வாசகர்: ஐயா, சர்க்யூட் பலகையில் பாகங்களை எடுத்து வைக்கும் எனது பிக் அண்ட் பிளேஸ் இயந்திரத்தில் Y அச்சுக்கு இடப்பக்கம் ஒரு மோட்டார், வலப்பக்கம் ஒரு மோட்டார், தொடக்க இடத்தைக் கண்டுபிடிக்கும் ஹோமிங்கிற்கு ஒரே ஒரு ஸ்விட்ச். நேற்று இரவு எல்லாம் சரியாக உட்கார்ந்தன. இன்று காலை இயக்கியபோது பலகையின் இட முனையில் சரி, வல முனையில் Y திசையில் கால் மில்லிமீட்டர் விலகல். பெல்ட் தளர்ந்துவிட்டதா?

பெல்ட் தளர்ந்திருந்தால், ஒரே புள்ளிக்கு முன்னிருந்து வரும்போதும் பின்னிருந்து வரும்போதும் விலகல் மாறும். இடமிருந்து வலமாகப் போகப் போகக் கூடிக்கொண்டே போகாது. நீங்கள் சொல்வது கேன்ட்ரியின் குறுக்குச் சட்டம் கோணலாக நிற்பதன் அடையாளம். இரவில் சரியாக இருந்தது காலையில் மாறியதற்கும் காரணம் அதுவே.

மின்சாரத்தை நிறுத்தியதும் மோட்டார்களின் பிடி விட்டுப்போகிறது. மீண்டும் இயக்கும்போது டிரைவர் தன் மின்சுழற்சியின் ஒரு குறிப்பிட்ட இடத்திலிருந்துதான் தொடங்கும். ரோட்டர் தனக்கு அருகிலுள்ள பொருத்தமான நிலைக்கு இழுபடும். நான்கு முழுப் படிகள் சேர்ந்தது ஒரு மின்சுழற்சி. 2 மில்லிமீட்டர் இடைவெளிப் பற்களுள்ள பெல்ட், 20 பற்கள் கொண்ட புல்லி என்றால் ஒரு சுற்றுக்கு 40 மில்லிமீட்டர், 200 படி மோட்டாருக்கு ஒரு முழுப் படி 0.2 மில்லிமீட்டர், ஒரு மின்சுழற்சி 0.8 மில்லிமீட்டர். எனவே ஒவ்வொரு பக்கமும் முன்னாலோ பின்னாலோ 0.4 மில்லிமீட்டர் வரை நகர்ந்து பிடிக்கலாம். இடப்பக்கம் முன்னும் வலப்பக்கம் பின்னுமாகவும் போகலாம். ஒரே ஸ்விட்ச் இருக்கும்போது இரண்டு மோட்டாரும் ஒன்றாகவே நிற்பதால், அந்தக் கோணல் ஹோமிங்கிற்குப் பிறகும் அப்படியே பூட்டப்பட்டுவிடுகிறது. இரு பெல்ட்களுக்கும் இடையே 400 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வலப்பக்கம் 0.5 மில்லிமீட்டர் பின்தங்கினால், 200 மில்லிமீட்டர் அகலப் பலகையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குள் 0.25 மில்லிமீட்டர் விலகல் வரும். உங்கள் கால் மில்லிமீட்டர் இதுதான்.

ஒவ்வொரு மோட்டாருக்கும் தனி டிரைவரும் தனி ஸ்விட்சும் கொடுங்கள். மார்லின் ஃபர்ம்வேரில் `Y_DUAL_ENDSTOPS` என்ற வரியை இயக்கினால் ஒவ்வொரு பக்கமும் தன் ஸ்விட்சைத் தொட்டதும் தனியே நிற்கும். ஆனால் அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஸ்பானரில் இருக்கிறது. மோட்டார்களின் மின்சாரத்தை நிறுத்தி, சட்டத்தை வண்டிகளோடு இணைக்கும் போல்ட்களைச் சற்றுத் தளர்த்தி, இரு பக்கத்தையும் முன்கூட்டியே சமமாக அளந்து பொருத்திய தடுப்புகளில் மெதுவாகச் சாய்த்துவைத்து இறுக்குங்கள். அதன் பிறகு நோசல் இருக்கும் இடத்தில் கூர்மையான பேனாவைப் பொருத்தி, 300க்கு 400 மில்லிமீட்டரில் நான்கு மூலைப் புள்ளிகளை இட்டு மூலைவிட்டங்களை அளக்க வேண்டும். மூலைகள் செங்கோணமாக இருந்தால் இரண்டும் 500. ஒன்று 500.3 ஆகவும் மற்றொன்று 499.7 ஆகவும் வந்தால், அந்த 0.6 வித்தியாசம் மேலே சொன்ன 0.5 பின்தங்கலுக்குச் சமம். எஃகு அளவுகோலும் ஒரு பூதக்கண்ணாடியும் இதற்குப் போதும். அந்தப் பின்தங்கலை மார்லினுக்கு இப்படிச் சொல்லிச் சேமித்து, மீண்டும் ஹோமிங் செய்யுங்கள்:

```
M666 Y0.50
M500
G28
```

மீண்டும் அளக்கும்போது வித்தியாசம் கூடியிருந்தால் `Y-0.50` என்று குறியை மாற்றுங்கள். கடைசியாக ஒரு சோதனை: `M84` கொடுத்து மோட்டார்களை விடுவிக்கும்போது சட்டம் எந்தப் பக்கமாவது துள்ளுகிறதா என்று பாருங்கள். இரண்டு மோட்டாரும் சட்டத்தை முறுக்கிப் பிடித்திருந்தால் அது துள்ளும். அப்படியானால் எண்ணை இன்னும் திருத்துவதைவிட, போல்ட்களைத் திரும்பத் தளர்த்துவதே சரி.

ஜார்ஜ்டவுன் மாணவர்: மைக்ரோஸ்டெப்பை 16 இலிருந்து 64 ஆக்கினால் துல்லியம் நான்கு மடங்காகுமே ஐயா? கட்டுப்பாட்டுப் பலகை தாங்குகிறது.

பாதி சரி, தம்பி. கட்டளையின் நுணுக்கம் கூடும். ஓட்டம் மென்மையாகும், சத்தமும் குறையும். 16இல் மில்லிமீட்டருக்கு 80 படி, அதாவது ஒரு படிக்கு 0.0125 மில்லிமீட்டர், 0402 என்ற மிகச் சிறிய பாகத்திற்கே இது தாராளம். ஆனால் ரோட்டர் அந்த இடத்திற்கு உண்மையில் போய் நிற்க, உராய்வை வெல்லும் விசை வேண்டும். 1/16 படியில் ரோட்டர் பின்தங்கும்போது, மோட்டாரின் பிடிவிசையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் அதை முன்னே இழுக்கிறது. 1/64இல் அது இன்னும் நான்கில் ஒன்றாகக் குறையும். தண்டவாளத்தில் பழைய கிரீஸ் இறுகியிருந்தால் சில மைக்ரோஸ்டெப் வரை அச்சு அசையாமலே நின்று, பிறகு ஒரேயடியாகக் குதிக்கும். 0.9 பாகை மோட்டாரோ 16 பல் புல்லியோ போட்டால் உண்மையான பலன் கிடைக்கும். பட்டர்வொர்த் நண்பரின் கோணலுக்கு இவற்றில் எதுவும் மருந்தல்ல.

ஆயர் ஈத்தாம் வாசகர்: TMC2209 டிரைவர் இருந்தால் ஸ்விட்சே வேண்டாம் என்கிறார்கள். மேலும், ஓப்பன் பிஎன்பி மென்பொருள் மேல் கேமராவால் ஹோமிங் குறியைப் பார்த்துத் திருத்திவிடுகிறதே. பிறகு இரண்டு ஸ்விட்ச் எதற்கு?

டிரைவர் முட்டலை உணர்வது சுமையை வைத்துத்தான். வேகம், மின்னோட்டம், கிரீஸின் தடிப்பு ஆகியவை மாறினால் நிற்கும் இடமும் மாறும். ஒரு முழுப் படியளவு, அதாவது 0.2 மில்லிமீட்டர், முன்பின்னாக இருக்கும் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. 3டி பிரின்டருக்கு அது போதும். இங்கே இரண்டு பக்கமும் ஒரே சட்டத்தால் பிணைந்திருக்கின்றன. ஒரு பக்கம் முட்டியதும் அதன் சுமை மறுபக்க மோட்டாரையும் தொடுவதால், எது உண்மையில் முட்டியது என்பதே குழம்பிப்போகும்.

கேமரா ஒரே ஒரு குறியைத்தான் பார்க்கிறது. தொடக்கப் புள்ளி எங்கே என்பதை அது நன்றாகத் திருத்தும். சட்டம் கோணலா என்பது ஒரு புள்ளியிலிருந்து தெரியாது. பலகையில் மூன்று குறிகள் இருந்தால் அந்தப் பலகைக்குள் சாய்வையும் கணக்கில் சேர்க்க முடியும், இரண்டு குறிகளால் முடியாது. அப்போதும் ஃபீடர்களிலிருந்து எடுக்கும் இடம் திருந்தாமல் நிற்கும்.

புக்கிட் மெர்தாஜாம் வாசகி: நான் ஒரே மோட்டார்தான் வைத்தேன். நீண்ட தண்டு ஒன்றால் இரண்டு Y புல்லிகளையும் சேர்த்துவிட்டேன். இந்தத் தலைவலியே இல்லை.

நல்ல வழி. மின்சாரம் போய் வந்தாலும் இரண்டு பக்கமும் சேர்ந்தே நகர்வதால் கோணல் புதிதாக வராது, மென்பொருளில் எதையும் மாற்றவும் தேவையில்லை. புல்லியின் சிறு திருகு தண்டில் வழுக்காதிருக்க, தண்டில் ஒரு சமதளம் அராவிக்கொள்ளுங்கள். வேகமாக முடுக்கும்போது மெல்லிய தண்டு முறுகும். சட்டம் கனமாக இருந்தால் அதன் வால் ஆட்டம் அடங்கும்வரை காத்திருந்து பாகத்தை வைக்க வேண்டியிருக்கும்.

பாயான் லெப்பாஸ் வாசகர்: எங்கள் தொழிற்சாலையில் காலையில் இயந்திரத்தை வெறுமனே ஓடவிட்டுச் சூடேற்றிய பிறகுதான் வேலையைத் தொடங்குவோம். பட்டர்வொர்த் நண்பருக்கும் அதுதானே காரணம்?

இல்லை. சூட்டினால் வரும் விலகல் சிறுகச் சிறுக வளரும், இயக்கிய உடனே குதிக்காது. ஆனால் நீங்கள் எடுத்த விஷயம் வேறொரு இடத்தில் பொருந்தும். 400 மில்லிமீட்டர் அலுமினியம் 10 பாகை சூடேறினால் ஏறத்தாழ 0.09 மில்லிமீட்டர் நீளும். குளிர்சாதனம் இல்லாத அறையில் காலைக்கும் பிற்பகலுக்கும் இடையே 0402 வைப்பவருக்கு இது பொருட்டாகலாம். பெல்ட் எவ்வளவு நீள்கிறது, சட்டம் எவ்வளவு நீள்கிறது என்று பிரித்துப் பார்க்க, ஒரு கண்ணாடி அளவுகோலை மேசையில் நிரந்தரமாக ஒட்டி மேல் கேமராவால் மணிக்கு ஒருமுறை படிக்கலாம். வீட்டு இயந்திரத்தில் அதைத் தொடர்ந்து செய்து பார்த்தவர் யாரேனும் இருந்தால் எண்களை அனுப்புங்கள். என் இயந்திரம் குளிரூட்டிய அறையில் இருப்பதால் என் அளவுகள் உங்களுக்குப் பயன்படா.