மெசியா: சொல் ஒன்று, எதிர்பார்ப்பு மூன்று

கேள்வி: யூதர், கிறிஸ்தவர், முஸ்லிம்கள் மூவரும் காத்திருப்பது ஒரே மெசியாவுக்காகத்தானா?

இல்லை. 'எண்ணெய் பூசித் திருநிலைப்படுத்தப்பட்டவர்' என்று பொருள்படும் எபிரேயச் சொல் மூவருக்கும் பொது; அவர் செய்ய வேண்டிய பணிதான் வேறு. யூத மரபில் அவர் தாவீதின் வழிவந்த மனித அரசர். சிதறிய இஸ்ரவேலரை ஒன்றுசேர்த்து, எருசலேம் ஆலயத்தை மீண்டும் கட்டுபவர். கி.பி. 132இல் ரோமருக்கு எதிராகக் கிளர்ந்த பார் கோக்பாவை ரபி அகிவா போன்ற பேரறிஞரே மெசியா என்று கருதினார். 135இல் பார் கோக்பா கொல்லப்பட்டதும் அந்த நம்பிக்கை பொய்த்தது. 12ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடீஸ் இந்நிகழ்வைக் குறிப்பிட்டு, பணி முடியுமுன் கொல்லப்பட்டவர் மெசியா அல்லர் என்று வரையறுத்தார்.

கிறிஸ்தவம் பிரியும் இடமும் இதுவே. அங்கே இயேசுவின் மரணம் தோல்வியன்று, உயிர்த்தெழுதலோடு சேர்ந்து அதுவே மீட்பின் மையம். எஞ்சியவை அவரது இரண்டாம் வருகையில் நிறைவேறும்.

குர்ஆனும் ஈசா நபியை 'அல்-மஸீஹ்' என்றே அழைக்கிறது, ஆனால் அவர் சிலுவையில் கொல்லப்படவில்லை என்கிறது. இறுதிக்காலத்தில் அவர் இறங்கிவந்து பொய் மெசியாவான தஜ்ஜாலைக் கொல்வார் என்பது முஸ்லிம்களின் பரவலான நம்பிக்கை. பலர் அவரோடு குழப்பிக்கொள்ளும் மஹ்தி வேறொருவர்: பெரும்பாலான சுன்னிகளுக்கு இனித் தோன்றவிருக்கும் தலைவர்; பன்னிரு இமாம் ஷியாக்களுக்கோ, 874 முதல் மறைந்து வாழும் பன்னிரண்டாம் இமாம்.