இரவில் அலுவலகப் பேன்ட்ரியில் எது சூடாகிறது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கெட்டில்தான் கொதித்ததும் தானாக அணைந்துவிடுகிறதே, சுவர் ஸ்விட்சையும் அணைக்க வேண்டுமா?

அணைக்க வேண்டும். பெரும்பாலான கெட்டில்கள் அணைவது ஆவியால். கொதிக்கும்போது எழும் ஆவி ஒரு சிறு துளை வழியாக ஸ்விட்சுக்குப் பக்கத்தில் இருக்கும் உலோகத் தகட்டுக்குப் போகிறது. தகடு சூடேறி வளைந்து ஸ்விட்சைத் தள்ளிவிடுகிறது. மூடி சரியாக மூடவில்லையென்றால் ஆவி மேலேயே போய்விடும், தகட்டுக்குச் சூடு எட்டாது, கெட்டில் கொதித்துக்கொண்டே இருக்கும். 2000 வாட் கெட்டிலில் 1 லிட்டர் கொதிநீர் முழுக்க வற்ற சுமார் 20 நிமிடம் போதும். டீக்குத் தண்ணீர் வைத்தவர் போன் வந்து அப்படியே வீட்டுக்குக் கிளம்பிவிட்டால், அவர் பாதி வழி போவதற்குள் கெட்டில் வறண்டிருக்கும். அதற்கப்புறம் இருப்பது அடியில் உள்ள வறட்சிப் பாதுகாப்பு மட்டும்தான். சில கெட்டில்களில் அது ஆறியதும் மறுபடி மின்சாரத்தை விட்டுவிடும்.

எங்கள் பேன்ட்ரியில் கெட்டில், மைக்ரோவேவ், காபி மெஷின் மூன்றும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இருக்கின்றன. லோடு கூடினால் எம்சிபி ட்ரிப் ஆகி லைனைத் துண்டித்துவிடும் என்கிறார் எங்கள் அட்மின். சரிதானா?

இந்த நம்பிக்கைதான் எனக்கு மிகவும் கவலை தருகிறது. நான் சோதிக்கப் போன ஓர் அலுவலகத்தில் இதே அமைப்பு இருந்தது. பாக்ஸ் 10 ஆம்பியர், அந்த லைனின் எம்சிபி 20 ஆம்பியர். 230 வோல்ட்டில் கெட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும், மைக்ரோவேவ் 5.7, காபி மெஷின் 6. காலையில் மூன்றும் சேர்ந்து ஓடும்போது 20 ஆம்பியரைத் தாண்டிவிடும். பாக்ஸுக்கு அது இரு மடங்கு சுமை. ஆனால் 20 ஆம்பியர் எம்சிபி 22 ஆம்பியரைக்கூட ஒரு மணி நேரம் தாங்கும்படிதான் செய்யப்படுகிறது. அதனால் அது அசையவில்லை. அதில் கோளாறும் இல்லை. அது காப்பது சுவருக்குள் போகும் ஒயரை, உங்கள் பாக்ஸை அல்ல.

தினமும் இப்படிச் சூடானதில் பாக்ஸுக்குள் பிளக் பின்னைக் கவ்விப் பிடிக்கும் பித்தளைத் தகடு தளர்ந்துவிட்டது. சிக்கல் அங்கேதான் தொடங்கியது. காபி மெஷின் இரவிலும் ஆனில் இருந்தது. உள்ளே தண்ணீரைச் சூடாக வைத்திருக்க அதன் ஹீட்டர் சில நிமிடங்களுக்கு ஒருமுறை 6 ஆம்பியர் இழுக்கும். தளர்ந்த இணைப்பின் மின்தடை அரை ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 × 6 × 0.5 = 18 வாட். பட்டாணி அளவு இடத்தில், பிளாஸ்டிக்குக்குள், சின்ன சோல்டரிங் அயர்ன் வைத்ததுபோல. மொத்தக் கரண்ட் வெறும் 6 ஆம்பியர்தான் என்பதால் எந்த எம்சிபிக்கும் இது தெரியாது. நாங்கள் திறந்து பார்த்தபோது பாக்ஸின் அடிப்பக்கம் உருகி மேசையோடு ஒட்டியிருந்தது. பக்கத்தில் டிஷ்யூ பேப்பர் கட்டு. தீப்பிடிக்காமல் போனது அதிர்ஷ்டம்தான்.

இதை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம். கெட்டில் ஒருமுறை கொதித்து முடிந்ததும் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கித் தொட்டுப் பாருங்கள். லேசான வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு, பின்னில் கருப்பு, துளையைச் சுற்றிப் பழுப்பு, மீன் நாற்றம் போன்ற வாடை, தொட்டால் ஆடும் பிளக், இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தச் சாக்கெட்டை அன்றோடு நிறுத்துங்கள். தளர்ந்த தகடு திரும்ப இறுகாது. கருத்த பிளக்கையும் சேர்த்து மாற்றுங்கள், இல்லாவிட்டால் அது புதுச் சாக்கெட்டையும் கெடுத்துவிடும். இந்த மூன்று சாதனங்களுக்கும் தனித்தனிச் சுவர்ச் சாக்கெட்தான் சரி.

மைக்ரோவேவில் கடிகாரம் மட்டும் ஓடுகிறது. அது ஆபத்தா?

கடிகாரம் இழுப்பது மிகக் குறைந்த மின்சாரம், அது பிரச்சினையில்லை. உள்ளே பிரெட் கவர், பேப்பர் தட்டு என்று எதையும் வைத்துவிட்டுப் போகாதீர்கள். துடைக்கும்போது தவறி ஸ்டார்ட் பட்டன் அழுந்தினால் அது வெந்து எரியும். உள்ளே தீ தெரிந்தால் கதவைத் திறக்க வேண்டாம், காற்று உள்ளே போனால் தீ பெரிதாகும். சுவர் ஸ்விட்சை அணையுங்கள்.

கடைசியில் போகிறவர் எல்லாவற்றையும் அணைக்க வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டினோம். யாரும் செய்வதில்லை.

கடைசியில் போகிறவருக்குத் தான்தான் கடைசி என்று தெரியாது, அவரைக் குறை சொல்ல முடியாது. சூடாக்கும் சாதனங்களின் சாக்கெட்டுகளை எலக்ட்ரீஷியனை வைத்து ஒரு தனி லைனில் கொண்டுவாருங்கள். எம்சிபிகள் இருக்கும் டிபி பெட்டியில் டைமரும், அது சொல்லும் நேரத்தில் லைனைத் துண்டித்து இணைக்கும் கான்டாக்டரும் போடச் சொல்லுங்கள். இரவு 8 மணிக்கு அந்த லைன் தானாக அணைந்து காலை 8 மணிக்கு வரும். ஃப்ரிட்ஜ் வேறு லைனில் இருக்கட்டும். சாக்கெட்டில் செருகும் சிறிய டைமர் வாங்குவதானால் ஒரு சாதனத்துக்கு ஒன்று, அதன் மேல் எழுதியிருக்கும் ஆம்பியருக்குள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கு முன்னால் அதைச் செருகினால் பழைய கதைதான். இரவு வேலை பார்ப்பவர்கள் இருந்தால், அழுத்தினால் ஒரு மணி நேரம் மட்டும் லைனைத் தரும் பட்டன் ஒன்றையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். அது இல்லாத இடங்களில் டைமரை யாராவது நிரந்தரமாக ஆனில் வைத்துவிட்டதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.